கூட்டு உருவக் கணக்கு: பரப்பளவு 219, சுற்றளவு 59. எங்கே தவறு?

நிலா_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அளவைகள் பாடத்துக்கு வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு கணக்குக்கு ஐந்து மார்க். முழுக்கக் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் "உருவத்தைப் பார்" என்று மட்டும் எழுதி வந்திருக்கிறது. நான் படித்தது வணிகவியல். எனக்கும் எங்கே தவறு என்று பிடிபடவில்லை.

உருவம் இதுதான். L மாதிரி ஒரு வடிவம், அதன் அடிப்பக்கத்தில் வெளிப்புறமாக ஒரு அரைவட்டம் ஒட்டியிருக்கிறது. அரைவட்டத்தை இங்கே வரைய வரவில்லை, 14 என்று எழுதிய கோட்டுக்குக் கீழே தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 14 செ.மீ தான் அதன் விட்டம். எல்லா அளவும் செ.மீ.

```
     6
  +-----+
  |     |
  |     |
12|     |
  |     +--------+
  |              | 5
  +--------------+
         14
```

அவள் எழுதிய விடையை அப்படியே தருகிறேன்.

```
14 × 5 = 70
6 × 12 = 72
70 + 72 = 142
1/2 × 22/7 × 7 × 7 = 77
142 + 77 = 219

14 + 12 + 6 + 5 + 22 = 59
```

விடை 189, 60 என்று வகுப்பில் சொன்னார்களாம். "சுற்றளவு ஒண்ணுதானே அம்மா கம்மி, அதுக்கும் மார்க் இல்லையா?" என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. யாராவது விளக்கினால் நாளைக்கு அவளோடு உட்கார்ந்து பார்ப்பேன்.

முதல்பெஞ்ச்

பரப்பளவில் உள்ள தவறு பார்த்ததுமே தெரிகிறது. 14 × 5 என்பது கீழே படுத்திருக்கும் செவ்வகம் முழுவதும். 6 × 12 என்பது இடப்பக்கம் நிற்கும் செவ்வகம் முழுவதும். இரண்டும் இடது கீழ் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அந்த மூலை 6 × 5 = 30. அதை இரண்டு தடவை எண்ணிவிட்டாள். 219-இல் 30 போனால் 189. விடை வந்துவிட்டது.

சுற்றளவு 59 வந்தது 22/7 போட்டதால் இருக்கும். அது தோராய மதிப்புதானே, ஒன்று இரண்டு முன்னே பின்னே வரும். அதற்கு மார்க் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கரும்பலகை

முப்பது வருடத்துக்கு மேல் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல்பெஞ்ச் பரப்பளவைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. சுற்றளவைப் பற்றிச் சொன்னது சரியில்லை. 22/7 இங்கே ஒரு குழப்பமும் செய்யவில்லை. விட்டம் 14 என்றால் அரைவட்ட வில்லின் நீளம் 22/7 × 7 = 22. விடைக்குறிப்பிலும் அதே 22 தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே 22-ஐப் போட்ட பிறகு, வித்தியாசம் அதிலிருந்து வர வழியே இல்லை.

அப்படியானால் அந்த ஒன்று எங்கே போனது? உருவத்தின் ஓரத்தில் ஒரு எறும்பை விடுங்கள். இடது கீழ் மூலையில் தொடங்கட்டும். மேலே ஏறுகிறது, 12. வலப்பக்கம் திரும்புகிறது, 6. இப்போது கீழே இறங்க வேண்டும், ஆனால் படத்தில் அந்தக் கோட்டுக்கு அளவு எழுதவில்லை. மொத்த உயரம் 12, வலது ஓரம் 5, ஆகவே இறங்கும் தூரம் 7. மறுபடி வலப்பக்கம் போகிறது. அதற்கும் அளவு இல்லை. அடி 14, மேலே 6, மீதி 8. பிறகு 5 இறங்குகிறது. கடைசியாக அரைவட்டத்தின் வளைவு வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது, 22.

12 + 6 + 7 + 8 + 5 + 22 = 60 செ.மீ.

இந்த நடையில் 14 வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அரைவட்டம் ஒட்டிய பிறகு அந்த 14 செ.மீ கோடு உருவத்தின் உள்ளே போய்விட்டது. எறும்பு அதன் மேல் நடக்காது. குழந்தை எழுதியதில் 14 இருக்கிறது, 7-உம் 8-உம் இல்லை. வேண்டாத 14 சேர்ந்தது, வேண்டிய 15 விட்டுப்போனது. கூட்டிக் கழித்தால் ஒன்று குறைகிறது.

அதாவது 59 என்பது "கிட்டத்தட்டச் சரி" இல்லை. இரண்டு பெரிய தவறுகள் எதிரெதிராக இழுத்து ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டன. ஒரு வேளை மேல் ஓரம் 6-க்குப் பதில் 7 ஆக இருந்திருந்தால் விடை முழுக்கப் பொருந்தியே போயிருக்கும். அப்போது 8 என்பது 7 ஆகிவிடும், சரியான வழியிலும் 60 வரும், அவள் வழியிலும் 60 வரும். கடைசி எண்ணை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது.

குழந்தை எழுதிய ஐந்து எண்களில் வளைவின் 22 போக மீதி நான்கும் படத்தில் அச்சாகியிருந்தவை. எழுத்தில் இருப்பதை எல்லாம் கூட்டு, எழுதாததை விட்டுவிடு என்று அவள் கை பழகியிருக்கிறது. "உருவத்தைப் பார்" என்று அந்த ஆசிரியர் எழுதியது இதற்காகத்தான் இருக்கும். கூடவே ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாளைக்கு உட்காரும்போது ஒன்று செய்யுங்கள். கூட்டுவதற்கு முன்னால் உருவத்துக்கு எத்தனை ஓரம் என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். நேர்க்கோடு ஐந்து, வளைவு ஒன்று, ஆக ஆறு. அவள் கூட்டியது ஐந்து எண்கள். ஆறு ஓரத்துக்கு ஐந்து எண் என்றாலே ஏதோ சரியில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

தேன்சிட்டு

மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள் அம்மா. பொதுத்தேர்வு என்றால் விடைத்தாள் நகல் வாங்கவே வழி இருக்கிறது. படிக்குப் படி மார்க் தர வேண்டும் என்பதுதான் முறை.

நிலா_அம்மா

இது வகுப்புத் தேர்வுதான், தேன்சிட்டு. மார்க்குக்காகக் கேட்கவில்லை, தவறு புரிய வேண்டும் என்றுதான் கேட்டேன். அக்கறைக்கு நன்றி.

கரும்பலகை ஐயா, படித்தேன். 7-உம் 8-உம் எப்படி வந்தன என்று எனக்கே இப்போதுதான் விளங்கியது. ஆனால் பரப்பளவில் ஒரு சந்தேகம். மூலை இரண்டு முறை விழுந்திருக்கிறது என்று அவள் எப்படித் தானாகக் கண்டுபிடிப்பது? தேர்வு அறையில் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்களே.

கொத்துக்கரண்டி

இந்த மூலை விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் கட்டட வேலை மேற்பார்வை செய்கிறேன். போன வருடம் ஒரு வீட்டில் முன்பக்கமும் பக்கவாட்டிலும் L ஆகத் திரும்பும் தாழ்வாரத்துக்கு டைல்ஸ் போட்டோம். வெளி ஓரத்தில் முன்பக்கம் 20 அடி, பக்கவாட்டில் 15 அடி, அகலம் இரண்டிலும் 4 அடி. டைல்ஸ் போட்டவர் 20 × 4 = 80, 15 × 4 = 60, மொத்தம் 140 சதுர அடி என்று கூலி எழுதிக்கொண்டு வந்தார்.

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. டேப்பை முன்பக்கம் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை கடைசி வரைக்கும் இழுத்தார். இரண்டு தடவையும் டேப் அந்த மூலையின் மேல் போயிருக்கிறது. மூலை 4 × 4 = 16. உண்மையில் 124 சதுர அடிதான். நான் சாக்பீஸால் மூலையில் ஒரு கோடு போட்டு, "இந்தச் சதுரத்தில் எத்தனை டைல் பதித்தீர்கள், ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா?" என்று கேட்டேன். அவரே அடித்துவிட்டு 124 என்று எழுதினார்.

அதனால் பாப்பாவிடம் டைல்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு டைல் பதிக்க முடியாது.

கரும்பலகை

கொத்துக்கரண்டி சொன்ன சாக்பீஸ் கோடுதான் விஷயமே. நிலா_அம்மா கேட்டதற்கு அதிலிருந்தே பதில் சொல்கிறேன்.

குழந்தையின் தாளில் படத்தின் மேல் ஒரு கோடுகூடப் போட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். மனசுக்குள்ளேயே பிரித்திருப்பாள். மனசுக்குள் பிரித்தால் ஒவ்வொரு செவ்வகமும் தனியாக வந்து போகும், இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் தெரியாது. அதனால்தான் மேலே ஏறிக்கொள்கின்றன. பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு போட்டால் அந்தக் கோடு உருவத்தை வெட்டியே ஆக வேண்டும். மூலை ஏதாவது ஒரு பக்கத்துக்குத்தான் போகும்.

உள்மூலையிலிருந்து புள்ளிக்கோட்டை நேராகக் கீழே இறக்கினால் இடப்பக்கம் 6 × 12, வலப்பக்கம் 8 × 5. மொத்தம் 72 + 40 = 112. அதே மூலையிலிருந்து இடப்பக்கமாக இழுத்தால் கீழே 14 × 5, மேலே 6 × 7. மொத்தம் 70 + 42 = 112. இரண்டு வெட்டுக்கும் ஒரே விடை. நிலாவின் வேலையைப் பாருங்கள்: கீழ்ச் செவ்வகத்தை இரண்டாவது வெட்டிலிருந்தும், நிற்கும் செவ்வகத்தை முதல் வெட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள். தனித்தனியே பார்த்தால் 70 சரி, 72-உம் சரி. சேர்த்து வைத்ததுதான் தவறு. பெருக்கலில் எங்கும் தவறில்லாததால் அவள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் அது கண்ணில் படாது.

சரிபார்க்க இன்னொரு வழி, வெட்டாமல் மூடிப் பார்ப்பது. L-ஐச் சுற்றி 14 × 12 செவ்வகம் போடுங்கள், 168. அதில் இல்லாத பகுதி வலது மேல் மூலை, 8 × 7 = 56. இருக்கும் பகுதியும் இல்லாத பகுதியும் சேர்ந்து 168 வர வேண்டும். 112 + 56 = 168, பொருந்துகிறது. 142 + 56 = 198, பொருந்தவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. "பெரிய செவ்வகத்தை விடச் சின்னதாக இருந்தால் சரி" என்று சில குழந்தைகள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். 142-உம் 168-ஐ விடச் சின்னதுதானே. தவறான விடையும் அந்தச் சோதனையில் தப்பித்துவிடும். கூட்டிப் பார்த்தால்தான் மாட்டும்.

முதல்பெஞ்ச்

22/7 பற்றிச் சொன்னது என் தவறு. வளைவு இரண்டு விடையிலும் 22 தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் சுற்றளவுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. L-இன் உள்பக்கக் கோடுகளை வெளியே தள்ளினால் அப்படியே பெரிய செவ்வகம் வந்துவிடும். அதனால் L-இன் சுற்றளவு 2 × (14 + 12) = 52. அதிலிருந்து உள்ளே போன 14-ஐக் கழித்து 22-ஐக் கூட்டினால் 60. 7, 8 எல்லாம் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. எந்த வெட்டு விழுந்த உருவத்துக்கும் வெளிச் செவ்வகத்தின் சுற்றளவையே போட்டுவிடலாம்.

கரும்பலகை

முதல் பாதி அழகு. 52 − 14 + 22 = 60 என்பது நல்ல இரண்டாவது சோதனை, நானும் வகுப்பில் சொல்லிக் கொடுப்பேன். "எந்த வெட்டு விழுந்த உருவத்துக்கும்" என்ற இடத்தில்தான் நிற்க வேண்டும்.

வெட்டு மூலையில் விழுந்தால் நீங்கள் சொல்வது சரி. நடுவில் விழுந்தால் சரியில்லை. அதே 14 × 12 செவ்வகத்தில் மேல் ஓரத்தின் நடுவில் 4 அகலம், 5 ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். எறும்பு மேல் ஓரத்தில் வருகிறது, 5 இறங்குகிறது, 4 நடக்கிறது, மறுபடி 5 ஏறுகிறது. அந்த 4, வெட்டுப்பட்டுப் போன மேல் ஓரத்துக்கு ஈடாகிவிடும். இறங்கிய 5-க்கும் ஏறிய 5-க்கும் ஈடு எதுவும் இல்லை. சுற்றளவு 52 இல்லை, 62. பரப்பளவு குறைந்திருக்கிறது, சுற்றளவு கூடியிருக்கிறது. குழந்தைகளுக்கு இது எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். ஒரு தாளை வெட்டி ஓரமாக நூலைப் பதித்துக் காட்டினால்தான் நம்புவார்கள்.

நெல்லை_டியூஷன்

நானும் மாலையில் வீட்டில் இருபது பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இழையில் எல்லோரும் பிரிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நிலாவின் தாளை இன்னொரு தடவை பாருங்கள். 219 என்று நிற்கிறது, 59 என்று நிற்கிறது. ஒன்றிலும் அலகு இல்லை. என்னிடம் வந்திருந்தால் விடை சரியாக இருந்தாலும் அரை மார்க் குறைத்திருப்பேன்.

பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு பையன் இதே மாதிரி உருவத்தில் செவ்வகங்களின் பரப்பளவைச் சரியாக 112 என்று கண்டுபிடித்தான். அரைவட்டத்துக்கு வந்ததும் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்த சூத்திரம் வளைவின் நீளம். 22 என்று போட்டு, 112 + 22 = 134 என்று முடித்துவிட்டான். எண்களை மட்டும் பார்த்தால் கூட்டல் ஒழுங்காக இருக்கிறது. "ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலகு எழுது" என்றேன். 112 ச.செ.மீ என்று எழுதினான், 22 செ.மீ என்று எழுதினான், கூட்டல் குறிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. அவனே அழித்துவிட்டு 77 போட்டான்.

அதனால் கடைசி வரியில் மட்டும் அலகு எழுதினால் போதாது, ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கிறேன். கடைசியில் ஒட்டும் அலகு வெறும் அலங்காரம். வரிக்கு வரி எழுதினால்தான் அது காவல் காக்கும்.

யாழ்_கணிதம்

நான் இலங்கையில் கணிதம் படிப்பிக்கிறேன். நாங்கள் இதைக் கூட்டுத் தளவுரு என்று சொல்லுவோம். பிள்ளைகள் விடுகிற பிழைகள் இரண்டு கரையிலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

நெல்லை_டியூஷன் சொன்னதில் எனக்கு உடன்பாடும் இருக்கிறது, ஒரு தயக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதச் சொன்னால், மெதுவாக எழுதுகிற பிள்ளைகள் அலகிலேயே நேரத்தைத் தொலைத்துவிடுவார்கள். நான் கேட்பது மூன்று இடத்தில் மட்டும்: துண்டு ஒன்றின் பரப்பளவு முடிகிற இடத்தில், துண்டுகளைக் கூட்டுகிற வரியில், கடைசி விடையில். இடையில் பெருக்கல் செய்கிற வரியில் இல்லாவிட்டால் நான் புள்ளி குறைப்பதில்லை.

படத்தில் அளவுகள் கலந்து வருகிறபோதுதான் அலகு உண்மையில் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. இதே உருவத்தில் வலது ஓரத்தை 5 செ.மீ என்று தராமல் 50 மி.மீ என்று தந்து பாருங்கள். வகுப்பில் கால்வாசிப் பேராவது 14 × 50 = 700 என்று எழுதுவார்கள். அந்த எழுநூறு எந்த அலகிலும் இல்லை. ஒரு பக்கம் செ.மீ, மறுபக்கம் மி.மீ. ஆகவே கணக்குத் தொடங்க முதலே படத்தில் 50 மி.மீ என்பதை வெட்டி அதன் மேலேயே 5 செ.மீ என்று எழுதச் சொல்லுவேன். பிறகு மாற்றலாம் என்று விட்டால் இன்னொரு குழி காத்திருக்கும். பரப்பளவை மாற்றுகிறபோது பத்தால் பெருக்குவார்கள். 112 ச.செ.மீ என்பது 1120 ச.மி.மீ அல்ல, 11,200 ச.மி.மீ. நீளமும் அகலமும் இரண்டுமே பத்து மடங்காகின்றன அல்லவா.

கொத்துக்கரண்டி

அலகு கலப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. சைட்டில் அடியும் அங்குலமும் எப்போதும் கலந்துதான் வரும். 10 அடி 9 அங்குலம் என்பதை கால்குலேட்டரில் 10.9 என்று தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 9 அங்குலம் என்பது முக்கால் அடி, 10.75 என்றுதான் தட்ட வேண்டும். 4 அடி 6 அங்குலத்தை 4.6 என்று போடுவார்கள், அது 4.5. ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கூலிச் சீட்டு தப்பாக வந்தால் நான் முதலில் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

சுற்றளவுக்கும் எங்களுக்கு வேலை உண்டு. சுவர் ஓரத்தில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்கை ஓட்ட அடிக் கணக்கில் எடுப்போம். அங்கே கதவு வரும் இடத்தைக் கழிக்க வேண்டும். நிலாவின் கணக்கில் அந்த 14 மாதிரி. கோடு படத்தில் இருக்கிறது, ஆனால் ஒட்ட வேண்டிய ஓரம் அங்கே இல்லை.

நெல்லை_டியூஷன்

மூன்று இடத்தில் போதும் என்ற யாழ்_கணிதம் யோசனையை அடுத்த வாரம் என் பிள்ளைகளிடம் முயன்று பார்க்கிறேன். ஆனாலும் எட்டாம் வகுப்பு வரையிலாவது எல்லா வரியிலும் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. பத்தாம் வகுப்பில் வேண்டுமானால் தளர்த்தலாம்.

பிரிப்பதில் இன்னொரு வகைத் தவறு இருக்கிறது, அதையும் கரும்பலகை ஐயா சொன்னால் நன்றாக இருக்கும். வீடு மாதிரி உருவம்: கீழே செவ்வகம், மேலே முக்கோணம். அடி 8 செ.மீ, சுவர் 6 செ.மீ, உச்சி வரை மொத்த உயரம் 9 செ.மீ, கூரையின் சரிவு இரண்டு பக்கமும் 5 செ.மீ. இதில் என் பிள்ளைகள் சரியான இடத்தில்தான் கோடு போடுகிறார்கள். ஆனால் முக்கோணத்துக்கு உயரம் எது என்பதில் விழுந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் 9 போடுகிறார்கள், மீதிப் பேரில் பலர் 5 போடுகிறார்கள்.

கரும்பலகை

9 போடுகிறவர்கள் கோடு போட்டார்கள், ஆனால் அளவுகளைத் துண்டோடு சேர்த்துப் பிரிக்கவில்லை. மொத்த உருவத்தின் உயரத்தை ஒரு துண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 6 சுவருக்குப் போய்விட்டது, கூரைக்கு மிச்சம் 3 தான். துண்டைப் பக்கத்தில் தனியாக ஒரு தடவை வரைந்து, அதற்குரிய அளவை அதன் மேலேயே எழுதச் சொன்னால் இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும். தாள் கொஞ்சம் அதிகமாகச் செலவாகும், பரவாயில்லை.

5 போடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். படத்தில் முக்கோணத்தின் மேல் அச்சாகியிருக்கும் ஒரே எண் 5 தான். உயரத்துக்கான 3 எங்கும் எழுதியிருக்காது. நிலா 7-ஐயும் 8-ஐயும் விட்டதும் இதுவும் ஒரே வேர். எழுதியதை எடுத்துக்கொள்கிறார்கள், எழுதாததைத் தேடுவதில்லை.

இந்த உருவத்தில் நான் சொல்வது ஒன்றுதான். ஓரமாக நடக்கும் எறும்புக்குச் சரிவு வேண்டும், உயரம் வேண்டாம். 8 + 6 + 5 + 5 + 6 = 30 செ.மீ. ஐந்து ஓரம், ஐந்து எண். உள்ளே நிரப்பும்போது உயரம் வேண்டும், சரிவு வேண்டாம். 8 × 6 = 48, அதோடு 1/2 × 8 × 3 = 12, மொத்தம் 60 ச.செ.மீ. 5 போட்டால் கூரை 20 ஆகும், மொத்தம் 68. அது தவறு என்று எப்படித் தெரியும் என்றால், கூரை மட்டும் அடங்கும் 8 × 3 பெட்டியை வரைந்து பாருங்கள், 24. முக்கோணம் அதில் சரியாகப் பாதி, 12. இருபது எப்படி வரும்? முழு உருவத்துக்கும் 8 × 9 = 72 என்று பெரிய பெட்டி போட்டால் இங்கேயும் 68 தப்பித்துவிடும். பெட்டியைத் துண்டுக்குத் துண்டு போட வேண்டும்.

யாழ்_கணிதம்

ஒரு விஷயத்தில் எல்லோருடைய கருத்தும் வேண்டும். நிலாவுக்கு ஐந்துக்கு பூச்சியம் போட்டது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அரைவட்டத்தின் பரப்பளவு 77 சரி. வளைவு 22 சரி. பிரித்தது பிழை என்றாலும், பிரித்ததை வைத்துக் கூட்டியது சரி. நான் என்றால் ஐந்துக்கு இரண்டாவது கொடுத்திருப்பேன்.

நெல்லை_டியூஷன்

நான் ஒன்றரை. 77-க்கு ஒன்று, 22-க்கு ஒன்று, அலகு இல்லாததற்கு அரை குறைப்பு.

கரும்பலகை

எனக்கு இதில் முடிவான கருத்து இல்லை. 77-க்கு நிச்சயம் மார்க் உண்டு. முதலில் செய்த தவறுக்கு ஒரு தடவை குறைத்துவிட்டு, அதன் பின் சரியாகப் போன படிகளுக்குக் கொடுக்கலாம் என்பது நியாயம்தான். ஆனால் 142 + 77 = 219 என்ற கூட்டலுக்கும் மார்க் கொடுத்தால், எட்டாம் வகுப்பில் மூன்றாம் வகுப்புக் கூட்டலுக்கு மார்க் தருகிறோமே என்று தோன்றும். ஆசிரியர்கள் அறையில் இதைப் பற்றி நாங்கள் பேசிப் பேசி ஒரு தடவையும் ஒத்துப்போனதில்லை.

நிலா_அம்மா

நேற்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். படத்தைப் பெரிதாக வரைந்து உள்மூலையிலிருந்து அவளே புள்ளிக்கோடு இறக்கினாள். 72 ச.செ.மீ, 40 ச.செ.மீ, 77 ச.செ.மீ என்று துண்டுக்கு உள்ளேயே எழுதி 189 கொண்டுவந்தாள். சுற்றளவுக்கு ஓரங்களில் 1 முதல் 6 வரை நம்பர் போட்டாள். "14-க்கு நம்பர் போடலையே" என்று வேண்டுமென்றே கேட்டேன். "அது உள்ளே இருக்கும்மா, எறும்பு வராது" என்றாள்.

அப்புறம் அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள். அரைவட்டத்தை வெளியே ஒட்டாமல் அதே இடத்தில் உள்பக்கமாக வெட்டி எடுத்தால் என்ன வரும்?

முதல்பெஞ்ச்

நல்ல கேள்வி. வளைவு அதே 22, அதனால் சுற்றளவு மாறாது, 60 செ.மீ. பரப்பளவில் கூட்டியதைக் கழிக்க வேண்டும். 112 − 77 = 35 ச.செ.மீ.

கரும்பலகை

எண்களை விட்டுவிட்டு ஒரு தடவை வரைந்து பாருங்கள், முதல்பெஞ்ச். அரைவட்டத்தின் ஆரம் 7. அதன் உச்சி அடிக்கோட்டிலிருந்து 7 செ.மீ மேலே, இடது மூலையிலிருந்து 7 செ.மீ தள்ளி நிற்கும். L-இன் நிற்கும் பகுதி 6 செ.மீ-யிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே உச்சி விழுவது படுத்திருக்கும் பகுதியில். அதன் உயரம் எவ்வளவு?

முதல்பெஞ்ச்

5 தான். அரைவட்டம் மேலே பிய்த்துக்கொண்டு வெளியே போகிறது. உருவம் இரண்டு துண்டாகிவிடும். 35-உம் தவறு, 60-உம் தவறு.

நிலா_அம்மா

அவளிடம் இதைக் காட்டினேன். காம்பஸை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வலது ஓரம் குறைந்தது எத்தனை செ.மீ இருந்தால் உடையாது என்று பார்க்கிறாளாம்.